மைக்ரேன்னு சொன்னாங்க, ஆனா தலைவலிக்கு முன்னாடி வந்தது வலிப்பு

தலைவலிக்கு முன்னாடி உங்களுக்குக் கண்ணுல ஏதாவது தெரியுதுன்னா, அது எவ்ளோ நேரம் இருக்குன்னு போன்ல மணி பார்த்துக் குறிச்சு வைங்க. கலரா வெள்ளையா, உருண்டையா கோடா, எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னும் சேர்த்து எழுதுங்க. இதை மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா எழுத ஆரம்பிச்சா நீளமா போகும், பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்கு இது மட்டுமாவது போய்ச் சேரட்டும். இந்த ஒரு கேள்வியை யாராவது ஆரம்பத்துலயே என்கிட்ட கேட்டிருந்தா, மைக்ரேன் மைக்ரேன்னு ஓட்டின வருஷங்கள்ல பெரும்பகுதி மிச்சமாயிருக்கும். எனக்கு இருந்தது வலிப்பு. வலிப்புன்னதும் எல்லாருக்கும் மனசுல வர்ற அந்த விழுந்து கை கால் வெட்டி இழுக்குறது இல்லை, அது ரொம்பப் பின்னாடிதான் வந்துச்சு. அதுவரைக்கும் என்னோட வலிப்பு ஒரு நிமிஷம் கண்ணுல கலர் காட்டிட்டுப் போயிடும், அதுக்கப்புறம் வர்ற தலைவலிதான் வெளிய தெரியும். அதனால தலைவலிக்குத்தான் வைத்தியம் நடந்துச்சு.

எப்படி வரும்னு சொல்றேன். எந்த முன்னறிவிப்பும் இருக்காது. பார்வையோட இடது ஓரத்துல, கொஞ்சம் கீழ, சின்னச் சின்னதா கலர் உருண்டைங்க தெரியும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்னு பளிச்சுனு இருக்கும். ஒண்ணு ரெண்டா ஆரம்பிச்சு ரெண்டே செகண்டுல நிறைய ஆயிடும், மினுக்கு மினுக்குனு துடிச்சுக்கிட்டே பெருசாகி வலது பக்கம் நகரும். கண்ணை மூடினாலும் தெரியும். மொத்தமே ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், அவ்ளோதான், சட்டுனு நின்னுடும். அப்புறம் ஒரு அஞ்சு பத்து நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, அட இந்தத் தடவை தப்பிச்சோம்னு நினைக்கிறப்போ தலையோட பின்பக்கத்துல இருந்து விண்ணு விண்ணுனு குத்த ஆரம்பிக்கும். வாந்தி வரும், லைட் போட்டா கண் கூசும், யாராவது பாத்திரம் உருட்டினா கூட அழுகையா வரும். இருட்டு ரூம்ல படுத்தே ஆகணும், எழுந்து நிக்கவே மறுநாள் ஆகும்.

இதை எந்த டாக்டர்கிட்ட சொன்னாலும் மைக்ரேன்தான்னு சொல்லுவாங்க, அதுல ஆச்சரியமே இல்லை. துடிக்கிற வலி, வாந்தி, வெளிச்சம் ஆகாது, அதுக்கு முன்னாடி கண்ணுல ஒளி தெரியுது, எல்லாமே மைக்ரேனுக்குப் பொருந்துது. மைக்ரேன்ல சிலருக்கு வலிக்கு முன்னாடி பார்வையில ஒளி தெரியும், அதை ஆரா வர்ற மைக்ரேன்னு சொல்றாங்க. நான் பார்த்த மொத டாக்டர் கேட்டது எல்லாமே வலியைப் பத்தி. எங்க வலிக்குது, எவ்ளோ நேரம் வலிக்குது, மாசத்துக்கு எத்தனை தடவை, பீரியட்ஸ் நேரத்துல வருதா. கண்ணுல ஏதாவது தெரியுமான்னு கேட்டாங்க, கலர் தெரியும்னு சொன்னேன், ஆரான்னு எழுதிக்கிட்டாங்க, அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. எவ்ளோ நேரம் தெரியும்னு கேட்கல.

அப்புறம் நடந்ததெல்லாம் மைக்ரேன் இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், அதனால சுருக்கமா சொல்லிடுறேன். தலைவலி வராம தடுக்குறதுக்குன்னு ப்ரோப்ரனலால் கொடுத்தாங்க, பிரயோஜனம் இல்லை. ஃப்ளூனாரிசின் கொடுத்தாங்க, நல்லா தூக்கம் வந்துச்சு, வெயிட் ஏறுச்சு, உருண்டைங்க மட்டும் அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. நடுவுல கண் டாக்டர், கண்ணாடி மாத்துனது, சைனஸா இருக்கும்னு ஒரு ஸ்கேன், மன அழுத்தம்னு ஒருத்தர், தூங்குங்கன்னு ஒருத்தர். இப்படிச் செலவான பணத்தைக் கூட்டிப் பார்க்குறதை நிறுத்திட்டேன், பார்த்தா வயிறு எரியும். சேமிச்சு வச்சது கரைஞ்சதை விட லீவ் கரைஞ்சதுதான் எனக்குப் பெரிய அடி, தலைவலின்னு லீவ் போட்டா ஆபீஸ்ல எந்த மேனேஜர் நம்புவாரு. வலி மாத்திரையும் ஏறிக்கிட்டே போச்சு. இதுல ஒண்ணு கவனிங்க, பாரசிட்டமால் மாதிரி சாதா வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டா அந்த மாத்திரையே தனியா ஒரு தலைவலியைக் கொண்டு வரும். மைக்ரேனுக்குன்னே இருக்குற ட்ரிப்டான் வகை மாத்திரை, ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைங்களுக்கு இந்தக் கணக்கு 10 நாள்தான். எனக்கும் அது சேர்ந்துடுச்சு. அதனால எது எந்தத் தலைவலின்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாத நிலைமை.

ஒரு நாள் ஆபீஸ்ல உருண்டைங்க வந்துச்சு. வழக்கம்போல நிக்கும்னு பார்த்தா நிக்கல. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்குறது ஆம்புலன்ஸோட கூரை. நாக்கு ஒரு ஓரத்துல கடிபட்டு ரத்தம், உடம்பு முழுக்க யாரோ அடிச்சுப் போட்ட வலி, தலை அப்படியே பொளக்குது. பக்கத்து சீட்டுத் தங்கச்சி கூடவே வந்திருந்தா, அவ அழுதுக்கிட்டே திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, "அக்கா, மொதல்ல உங்க கண்ணு ரெண்டும் இடது பக்கமா இழுத்துச்சு, அப்புறம் தலையும் அந்தப் பக்கமே திரும்புச்சு, அதுக்கப்புறம்தான் விழுந்தீங்க." அந்த நேரத்துல அதை நான் காதுல வாங்கிக்கவே இல்லை. பின்னாடி நியூரோ டாக்டர் எல்லாத்தையும் விட அதைத்தான் பெருசா எடுத்துக்கிட்டாரு.

எமர்ஜென்சியில ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னாங்க. ஒரு டாக்டர் மைக்ரேன் ரொம்ப அதிகமாகி மயக்கம் வந்திருக்குன்னாரு. இன்னொருத்தர் மைக்ரேன் முத்தி ஃபிட்ஸ் ஆயிடுச்சுன்னாரு. அன்னைக்கு ராத்திரி நான் பயந்தது மாதிரி வாழ்க்கையில எப்பவும் பயந்தது இல்லை. தலைவலி முத்தினா வலிப்பு வருமா, அப்போ இனிமே ஒவ்வொரு தலைவலிக்கும் நான் விழுந்துடுவேனா, தனியா இருக்குற வீட்டுல விழுந்தா யாருக்குத் தெரியும்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்குப் போன் பண்ணக்கூட தைரியம் வரல, வலிப்புங்கிற வார்த்தையை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது.

அதுக்கப்புறம் பார்த்த நியூரோ டாக்டர், வலிப்பு மட்டும் பார்க்குறவரு, வலியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. "வலியை விடுங்கம்மா, வலியை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. கண்ணுல தெரியறதை வரைஞ்சு காட்டுங்க"ன்னு ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்தாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு, ஏதோ சின்னப் புள்ளைக்குக் கொடுக்குற மாதிரி. வரைஞ்சேன். இடது ஓரத்துல கலர் கலரா உருண்டைங்க. எத்தனை செகண்டுல இவ்ளோ ஆகுதுன்னு கேட்டாரு. ரெண்டு மூணு செகண்டுன்னேன். மொத்தம் எவ்ளோ நேரம்னாரு. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். எப்பவும் இதே பக்கமா? ஆமா. எப்பவும் இதே மாதிரியா? அச்சு அசலா இதே மாதிரி. "அப்போ இது மைக்ரேனா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி"ன்னாரு. டெஸ்ட் எதுவும் பார்க்குறதுக்கு முன்னாடியே.

ஏன்னு அவர் விளக்கினதுதான் இந்த மொத்த விஷயத்தோட மையம், அதனால நிதானமா எழுதுறேன். மைக்ரேன்ல கண்ணுல தெரியறது, மூளையோட பின்பக்கம், பார்வையைக் கவனிக்கிற பகுதியில ஒரு அலை மெதுவா ஊர்ந்து போறதால வருது. சுவத்துல ஈரம் ஊறிப் பரவுற மாதிரி மெதுவா. நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான். 1941ல லாஷ்லின்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் தனக்கு வந்த ஆராவையே நேரம் போட்டு வரைஞ்சு பார்த்து, மூளைக்குள்ள இது இவ்ளோ வேகத்துலதான் நகரணும்னு கணக்குப் போட்டாரு. 1944ல லியாவோங்கிற பிரேசில் நாட்டு விஞ்ஞானி விலங்குகளோட மூளையில அதே மாதிரி மெதுவா பரவுற ஒரு அலையைப் பார்த்துப் பதிவு பண்ணாரு. அலை இவ்ளோ மெதுவா போறதால மைக்ரேன் ஆரா சட்டுனு வந்து சட்டுனு போகாது. பார்வையோட நடுவுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புள்ளியா, மங்கலா ஆரம்பிக்கும், அஞ்சு நிமிஷமோ அதுக்கு மேலயோ எடுத்துக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு ஓரத்துக்கு விரியும். பெரும்பாலும் வெள்ளையா, வெள்ளி மாதிரி மின்னுற வளைஞ்சு நெளிஞ்ச ஸிக்ஸாக் கோடு, உள்ள ஒரு பகுதி தெரியாமப் போறது, இப்படி. 5 நிமிஷத்துல இருந்து 60 நிமிஷம் வரைக்கும் இருக்கும்னு தலைவலியை வகைப்படுத்துற சர்வதேச விதியிலயே போட்டிருக்கு, நிறைய பேருக்கு 20, 30 நிமிஷம்.

வலிப்பு அப்படி இல்லை. அது நரம்பு செல்லுங்க ஒரே நேரத்துல கட்டுப்பாடு இல்லாம மின்சாரத்தைக் கொட்டுறது, பரவுற வேகமே வேற. அதே பார்வைப் பகுதியில வலிப்பு ஆரம்பிச்சா செகண்டுக் கணக்குல வந்துடும், பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். தெரியறது கோடா இருக்காது, சின்ன வட்டம், உருண்டை, அதுவும் பல கலர்ல. எப்பவும் பார்வையோட ஒரே பக்கத்துல ஆரம்பிக்கும், ஏன்னா மூளையில ஆரம்பிக்கிற இடம் ஒண்ணுதானே. மைக்ரேன்ல இன்னைக்கு இடது, அடுத்த தடவை வலதுன்னு மாறலாம். அப்புறம் அந்தத் தங்கச்சி சொன்ன கண்ணு இழுத்தது. இடது பக்கம் உருண்டை தெரிஞ்சா வலது மூளையோட பின்பக்கத்துல ஆரம்பிக்குதுன்னு அர்த்தம், அங்க ஆரம்பிச்சா கண்ணு பெரும்பாலும் எதிர்ப்பக்கம், அதாவது இடது பக்கம் திரும்பும். நான் வரைஞ்சதும் அவ பார்த்ததும் ஒரே இடத்தைக் காட்டுச்சு. மைக்ரேன்ல கண்ணு ஒரு பக்கமா இழுக்காது.

அப்போ தலைவலி? அதுதான் எனக்குப் புரியவே இல்லை, வலிப்புன்னா தலைவலி ஏன் இப்படி மைக்ரேன் மாதிரியே வரணும். வலிப்பு முடிஞ்சதுக்கப்புறம் தலைவலி வர்றது ரொம்ப சகஜமாம், வலிப்பு இருக்குறவங்கள்ல நிறைய பேருக்கு வருதாம், அதுலயும் மூளையோட பின்பக்கத்துல ஆரம்பிக்கிற வலிப்புன்னா பாதிக்கு மேல. விதிப்படி வலிப்பு முடிஞ்சு 3 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கும், 72 மணி நேரத்துக்குள்ள தானா போயிடும். வாந்தி, வெளிச்சம் ஆகாதது, துடிக்கிறது எல்லாம் மைக்ரேன்ல வர்ற மாதிரியே இருக்கலாம். மைக்ரேன் வலி எந்த வழியா உண்டாகுதோ அதே வழியை வலிப்பும் தூண்டி விட்டுடுதுன்னு அவர் சொன்னாரு. ஆக எனக்கு மைக்ரேன் முத்தி வலிப்பு வரல, வலிப்பு வந்து வந்துதான் ஒவ்வொரு தடவையும் அந்தத் தலைவலி. மைக்ரேன் ஆரா நேரத்துலயோ அது முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ளயோ வலிப்பு வர்றதும் உண்டு, அதுக்குத் தனிப் பேரே இருக்கு, ஆனா ரொம்ப ரொம்ப அபூர்வம், அப்படின்னு எழுதி வச்சிருந்த பல கேஸ்ங்களைத் திரும்பப் பார்த்தப்போ அது என்னை மாதிரி பார்வைப் பகுதி வலிப்பாத்தான் இருந்திருக்குன்னாரு. எமர்ஜென்சியில கேட்ட அந்த வாக்கியம் எனக்குள்ள அடைச்சுக்கிட்டு இருந்தது அன்னைக்குத்தான் இறங்குச்சு.

இப்போ டெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. மூளையில ஓடுற மின்சாரத்தைப் பதிவு பண்ற டெஸ்ட்தான் ஈஈஜி, மொத தடவை எடுத்தது நார்மல். தலையில ஒயர் எல்லாம் ஒட்டி அரை மணி நேரம் எடுத்தாங்க, ஒண்ணுமே இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அப்பாடா, வலிப்பு இல்லைன்னு நான் சந்தோஷமா போறேன், டாக்டர் அசரவே இல்லை. வலிப்பு இருக்குறவங்களுக்கும் ஒரு தடவை எடுக்குற ஈஈஜி நார்மலா இருக்குறது ரொம்ப சாதாரணம், ஏன்னா அந்த அரை மணி நேரத்துல மூளை சும்மா இருந்தா கருவியில என்ன தெரியும். ராத்திரி தூங்காம வரச் சொல்லி, அங்கேயே தூங்க வச்சு எடுத்தாங்க, அதுல வலது பின்பக்கத்துல கூர்மையான அலைங்க தெரிஞ்சுச்சு. அது தெரியலைன்னாலும் வைத்தியம் ஆரம்பிச்சிருப்பேன், நீங்க சொன்ன கதையே போதும்னு சொன்னாரு. இதோட மறுபக்கமும் இருக்கு. மைக்ரேன் மட்டும் இருக்குறவங்க சிலருக்கு ஈஈஜியில லேசா ஏதாவது வித்தியாசம் இருக்கும், அதை மட்டும் வச்சுக்கிட்டு வலிப்புன்னு முத்திரை குத்தி வருஷக்கணக்கா மருந்து சாப்பிட வைக்கிறதும் நடக்குது. அதனால ஈஈஜியை மட்டும் வச்சு யாராவது ஆமான்னோ இல்லைன்னோ அடிச்சுச் சொன்னா, என்ன நடந்துச்சுன்னு முழுசா கேட்டாங்களான்னு பாருங்க. எம்ஆர்ஐயும் அப்படித்தான், தலைவலிக்குன்னு எடுக்குறதும் வலிப்புக்குன்னு எடுக்குறதும் ஒண்ணு இல்லை. வலிப்புக்கு எடுக்குறப்போ ரொம்ப மெல்லிசா வெட்டி வெட்டிப் பார்ப்பாங்க, மூளையோட மேல் அடுக்குல இருக்குற சின்னக் கோளாறு அதுலதான் தெரியும். என்னோடது அதுலயும் சுத்தமா இருந்துச்சு, ஆனா எம்ஆர்ஐ நார்மல்னா வலிப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லை. ஸ்கேன் எழுதிக் கொடுக்குறப்போ எதுக்காகன்னு சீட்டுல தெளிவா இருக்கட்டும், இல்லைன்னா ஒரே ஸ்கேனுக்கு ரெண்டு தடவை காசு கட்டணும், நான் கட்டினேன்.

இதுக்கப்புறம்தான் கதையில ஒரு முடிச்சு. டாக்டர் என்னை ஒரு டைரி எழுதச் சொன்னாரு. தலைவலி வந்தா தலைவலின்னு எழுதாதீங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, மணி என்ன, எப்போ முடிஞ்சுச்சு, வலி எப்போ ஆரம்பிச்சுதுன்னு எழுதுங்கன்னாரு. எழுதிக்கிட்டு வந்தா, எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலும் உருண்டைங்கதான். ஆனா நடு நடுவுல வேற ஒண்ணு இருந்துச்சு. ஒரு நாள் எழுதினது இது: காலையில 10 மணி 10 நிமிஷம், படிச்சுக்கிட்டு இருக்குறப்போ எழுத்துக்கு நடுவுல ஒரு இடம் தெரியல. 10.20க்கு அது ஒரு வளைவா ஆயிடுச்சு, ஓரம் வெள்ளையா பல்லுப் பல்லா மின்னுது, இந்தத் தடவை வலது பக்கம். 10.35க்கு ஓரத்துக்குப் போய் மறைஞ்சுடுச்சு. 10.50க்கு வலி. அதாவது 25 நிமிஷம், நடுவுல ஆரம்பிச்சு வெளிய போனது, வெள்ளை, பக்கமும் வேற. இது சுத்தமான மைக்ரேன். உருண்டை வர்ற நாள்ல இதே டைரியில நேரம் 4.15, 4.16ன்னு ரெண்டு வரியில முடிஞ்சுடும். எல்லாத்தையும் தலைவலிங்கிற ஒரே பேர்ல சேர்த்து வச்சிருந்ததால இத்தனை வருஷம் இது ரெண்டு வியாதின்னே தெரியல.

ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாமான்னு கேட்டேன். வலிப்பு இருக்குறவங்களுக்கு மைக்ரேன் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஏறக்குறைய ரெண்டு மடங்காம். எங்க அம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி உண்டு, அதனால மைக்ரேன் எனக்கு வர்றதுல ஆச்சரியம் இல்லை. இப்படி ரெண்டும் இருக்குறவங்கதான் ரொம்ப மாட்டிக்கிறாங்க, ஏன்னா ஒரு நாள் டாக்டர்கிட்ட ஸிக்ஸாக் கோட்டைப் பத்திச் சொன்னா மைக்ரேன்னு உறுதியாயிடும், அதுக்கப்புறம் உருண்டையைப் பத்திச் சொன்னாலும் அதே பைல்ல போயிடும். உங்களுக்கு ஏற்கெனவே மைக்ரேன்னு சரியாவே கண்டுபிடிச்சிருந்தாலும், முன்னாடி வர்ற அறிகுறியில வேற மாதிரி ஒண்ணு புதுசா சேர்ந்தா அதைத் தனியா சொல்லுங்க.

மருந்து விஷயத்துல, ரெண்டுக்கும் சேர்த்து வேலை செய்யுற மாத்திரைங்க உண்டு. வால்ப்ரோயேட் ஒண்ணு, டோப்பிரமேட் ஒண்ணு. வால்ப்ரோயேட்டை அவர் தொடவே இல்லை, குழந்தை பெத்துக்குற வயசுல இருக்குற பொண்ணுக்கு அது கூடாது, வயித்துல இருக்குற குழந்தைக்குக் குறையும் வளர்ச்சிப் பிரச்சினையும் வர்ற அபாயம் அதிகம்னு சொன்னாரு. டோப்பிரமேட்டும் கர்ப்பத்துக்கு நல்லது இல்லை, அதனால குழந்தை பத்தி யோசிச்சா மாசக்கணக்குல முன்னாடியே வந்து பேசணும், டோஸ் கூடினா கருத்தடை மாத்திரையோட பலமும் குறையும்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாரு. ராத்திரி 25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு 25 கூட்டினாங்க. மெதுவா கூட்டியும் விரல் நுனியெல்லாம் சுருக் சுருக்குனு குத்துச்சு, சோடா குடிச்சா ருசியே மாறிப் போச்சு, அதை விட எரிச்சல் என்னன்னா மீட்டிங்ல பேசிக்கிட்டே இருக்குறப்போ சாதாரண வார்த்தை வாயில வராம நிக்கிறது. சிறுநீரகக் கல் வரலாம்னு தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்க. வார்த்தை தடுமாறுறதைச் சொன்னதும் கூட்டுறதை நிறுத்தி அந்த டோஸ்லயே வச்சாங்க, கொஞ்சம் சரியாச்சு, முழுசா இல்லை. ஆனா உருண்டைங்க நின்னுடுச்சு. அதோட அந்தப் பின்மண்டை வலியும் நின்னுடுச்சு, அதுக்குன்னு தனியா ஒரு மாத்திரையும் இல்லாம. வெள்ளைக் கோடு மட்டும் எப்பவாவது வருது, அதுக்கு மைக்ரேன் மாத்திரை போட்டுக்கிறேன்.

வலிப்புக்கு அப்புறம் வர்ற தலைவலியைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏற்கெனவே வலிப்புன்னு தெரிஞ்சவங்களுக்கு. பெரும்பாலும் பாரசிட்டமாலும் ஓய்வும் போதும். வலி தாங்கலைன்னு நீங்களா ட்ரமடால் மாதிரி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, அது வலிப்பையே தூண்டி விடும். எந்த வலி மாத்திரை எழுதினாலும் எனக்கு வலிப்பு இருக்குன்னு சொல்லிட்டு வாங்குங்க, பல் டாக்டர்கிட்ட கூட. இன்னொண்ணு, காலையில எழுந்திருக்குறப்போ காரணமே இல்லாம தலை பொளந்து, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருந்து, நாக்கு ஓரத்துல கடிபட்டோ படுக்கை நனைஞ்சோ இருந்தா, ராத்திரி தூக்கத்துல வலிப்பு வந்துட்டுப் போயிருக்கலாம். தனியா தூங்குறவங்களுக்குப் பல நேரம் காலையில தெரியுற இதுங்கதான் ஒரே தடயம், இதை டைரியில எழுதாம விட்டுடாதீங்க.

எல்லாத் தலைவலியையும் வலிப்புக்கு அப்புறம் வர்றதுதானேன்னு படுத்துக்கவும் கூடாது. விழுந்தப்போ தலை அடிபட்டிருந்து, வலி கூடிக்கிட்டே போய் தூக்கக் கலக்கம் அதிகமானா உள்ள ரத்தம் கசியலாம், உடனே போகணும். மொத வலிப்பு, அதோட தலைவலின்னா கண்டிப்பா ஆஸ்பத்திரி. காய்ச்சல், கழுத்து விறைப்பு, திடீர்னு இடி விழுந்த மாதிரி உச்சகட்ட வலி, கர்ப்பமா இருக்குறப்போ இல்லை பிரசவம் ஆன வாரங்கள்ல தலைவலியோட வலிப்பு, 72 மணி நேரம் தாண்டியும் போகாத வலி, இதெல்லாம் வேற காரணம் தேட வேண்டிய விஷயம், பிரசவத்துக்கு அப்புறம்னா மூளை ரத்தக் குழாய்ல அடைப்பு கூட இருக்கலாம். வலிப்பு அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காம போனா நேரா ஆம்புலன்ஸ்.

டாக்டர்கிட்ட போறப்போ பக்கத்துல இருந்து பார்த்தவங்களைக் கூட்டிட்டுப் போங்க, முடியலைன்னா போன்லயாவது பேச வைங்க. வீடியோ இருந்தா அதை விட நல்லது. நான் ஆபீஸ்ல அந்தத் தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், மறுபடி வந்தா என்னைப் பிடிச்சு அழுத்தாதே, வாயில எதையும் திணிக்காதே, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு மணி பாரு, அப்படியே மொபைல்ல கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு எடுன்னு. மொதல்ல பயந்தா, இப்போ அவளே மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறா.

கடைசியா மாத்திரையை நிறுத்துறது பத்தி. தலைவலி மாத்திரைன்னா வலி நின்னதும் விட்டுடுவோம், அந்தப் பழக்கம் நமக்கு ஊறிப் போயிருக்கு. எனக்கும் உருண்டை நின்னு கொஞ்ச நாள்ல இந்த டோப்பிரமேட்டை விட்டா என்னன்னு தோணுச்சு, அதுவும் வார்த்தை வராம தடுமாறுற நாள்ல. கேட்டதுக்கு டாக்டர் சொன்னாரு, வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா முன்னாடி இருந்ததை விட மோசமா, விடாம அடுத்தடுத்து வரலாம், நிறுத்தணும்னா வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும்னு. ஊருக்குப் போறப்போ மாத்திரை பத்தலைன்னாலும் இதே கதைதான், அதனால ஒரு வாரத்துக்கான மாத்திரையை எப்பவும் கூடுதலா பையில வச்சுக்கோங்க. எனக்கு அடுத்த செக்கப்ல வார்த்தைத் தடுமாற்றத்துக்காக வேற மாத்திரைக்கு மாறலாமான்னு பேசணும், லமோட்ரிஜின்னு ஒண்ணு சொல்லியிருக்காரு, அதையும் மெதுவாத்தான் ஏத்தணும், தோல்ல தடிப்பு வந்தா உடனே சொல்லணுமாம்.